டாலரில் பேசுவதா, ரூபாயில் பேசுவதா?

கோவையில் வீட்டிலிருந்தபடி ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். முதலில் மாதம் 1,20,000 ரூபாய் என்று பேசினேன். தொகை மாறாது, வீட்டுக் கடன் தவணைக்கு அது நிம்மதி. ஆனால் டாலர் 80 ரூபாயிலிருந்து 84க்கு ஏறியபோது, அவர்களுக்கு 1,500 டாலராக இருந்த செலவு 1,429 ஆகக் குறைந்தது. எனக்கு ஒன்றும் கூடவில்லை.

இப்போது 1,500 டாலர் என்றே பில் போடுகிறேன். டாலர் 84 ரூபாய் என்றால் 1,26,000 ரூபாய் வரவேண்டும். வங்கி சந்தை விலையைவிட 2 சதவீதம் குறைத்து மாற்றினால் 2,520 ரூபாய் போய்விடும். அதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

தாமதம் இரண்டிலும் ஒன்றுதான். 45 நாள்கூடக் காத்திருந்திருக்கிறேன். அதனால் 15 நாளுக்கு ஒரு பில் அனுப்புகிறேன். ஒன்று தாமதமானாலும் சிக்குவது அரை மாதச் சம்பளம். டாலர் இறங்கினால் வரவும் குறையும் என்பதால், மூன்று மாதச் செலவு கையிருப்பில் இல்லாதவருக்கு ரூபாயே நல்லது. இருந்தால் டாலர்தான்.