டாட்டூ குத்தும் முன் போட்டோவில் போட்டுப் பார்ப்பது: சில வருட அனுபவம்

திருப்பூர்ப் பக்கம் எங்களுடையது சாதாரண போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம், சீர் பேனர், பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு, பக்கத்துத் தெருவில் டாட்டூ கடை வந்த பிறகு ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. குத்துவதற்கு முன்னாடி அது கையில் எப்படி இருக்கும் என்று போட்டோவில் போட்டுக் காட்டச் சொல்லி பசங்க வருகிறார்கள். சில வருடமாக போட்டோஷாப்பில் இதைச் செய்கிறேன், அப்படிக் குத்திக்கொண்டு போனவர்களின் கையைப் பிறகு நேரிலும் பார்த்திருக்கிறேன். வீடியோ பாடங்களில் சொல்கிற `Displace`, `Multiply` இரண்டையும் அப்படியே போட்டால் பத்துக்கு எட்டு படம் பபுள்கம் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரிதான் வரும். ஏன் அப்படி என்று ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர். இடது மேல்கையின் வெளிப்பக்கம் காங்கேயம் காளைத் தலை வேண்டும், கொம்பு இரண்டும் நன்றாக விரிந்து கையைச் சுற்றிப் போக வேண்டும் என்றார். டிசைன் 10 செ.மீ. அகலம். தையல்காரர் டேப்பைச் சுற்றி அளந்தால் கைச் சுற்றளவு 30 செ.மீ. அந்த டேப் கையில் சுற்றியிருக்கும்போதே ஒரு போட்டோ, அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு போட்டோ. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி எடுக்கிறேன். போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கிற மாதிரி கிட்டத்தில் வைத்து எடுத்தால் தோள் பெருத்து முழங்கை சிறுத்துப் போகும், அதற்கு மேல் என்ன செய்தாலும் அளவு நிற்காது.

டேப் போட்ட படம் எதற்கு என்றால், கை எந்த வளைவில் வளைகிறது என்று அந்த டேப்பின் விளிம்பே காட்டிக்கொடுத்துவிடும். கேமரா கொஞ்சம் மேலே இருந்தால் டேப் நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்து தெரியும், கீழே இருந்தால் மேல்நோக்கி வளையும். டிசைனில் கிடைமட்டமாக இருக்கிற எதுவும், இந்தக் காளைக்கு நெற்றியும் கொம்பின் அடியும், அதே வளைவில்தான் போக வேண்டும். `Edit > Transform > Warp` எடுத்து, டேப் படத்தை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பின்பற்றி இழுப்பேன்.

அகலவாட்டு வளைவுக்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. சுற்றளவு 30 என்றால் ஆரம் கிட்டத்தட்ட 4.8 செ.மீ. டிசைனின் நடுவிலிருந்து ஓரம் வரை 5 செ.மீ. தோலின் மேல் போனால், கையை ஏறக்குறைய 60 பாகை சுற்றிவிட்டோம். நேர்முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு அந்த 5 செ.மீ. வெறும் 4.1 ஆகத்தான் தெரியும். அதிலும் நடுவில் இருக்கிற ஒரு செ.மீ. அநேகமாக முழுசாகத் தெரியும், கடைசி ஒரு செ.மீ. மட்டும் 6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். டிசைனை மொத்தமாகச் சுருக்கினால் சரியாகாது. நடுவை அப்படியே விட்டு ஓரத்தை மட்டும் நெருக்க வேண்டும். வார்ப்பில் ஓரத்துக் கட்டங்களை உள்ளே தள்ளினால் கொம்பு நுனி பின்பக்கம் போகிற மாதிரி தானாகவே வந்துவிடுகிறது. வளைவில் தொண்ணூறு சதவீதம் இந்த வார்ப்புதான், `Displace` இல்லை.

`Displace` மேல் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. அது வெளிச்சத்தை உயரம் என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று காட்ட நாம் கொடுக்கிற கருப்பு வெள்ளைப் படம்தான் மேப்; அதில் நடுச்சாம்பல், அதாவது 128, இருக்கிற இடம் நகராது; அதைவிடக் கருப்பான இடம் ஒரு பக்கமும் வெளுப்பான இடம் எதிர்ப்பக்கமும் தள்ளப்படும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்த கையில் வலப்பக்கம் முழுக்க இருட்டு. அது பள்ளம் இல்லை, வெறும் நிழல். ஆனால் ஃபில்டருக்கு அது தெரியாதே, காளையின் ஒரு கண்ணை இந்தப் பக்கமும் இன்னொரு கண்ணை அந்தப் பக்கமும் இழுத்துவைக்கும். முகம் கோணியிருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

இதற்கு நான் செய்வது: போட்டோவை நகலெடுத்து நிறத்தை எடுத்துவிட்டு, மயிரும் தோல் துவாரமும் மறைகிற அளவுக்கு `Gaussian Blur`, அப்புறம் `High Pass`. பெரிய வெளிச்ச வித்தியாசத்தை அது வழித்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் நடுச்சாம்பலைச் சுற்றியே கொண்டுவந்துவிடுகிறது. டெல்டாய்டும் பைசெப்ஸும் சந்திக்கிற பள்ளம், மேலே ஓடுகிற நரம்பு மாதிரி சின்ன மேடுபள்ளம் மட்டும் மிஞ்சும். அதைத் தனி PSD ஆகச் சேமித்து மேப்பாகக் கொடுத்து `Displace` போடும்போது கிடைமட்டம் 5, செங்குத்து 0. தொங்குகிற கையில் பள்ளங்கள் நீளவாட்டில் ஓடுகின்றன, அதனால் பக்கவாட்டு நகர்வு போதும். 100 கொடுத்தால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும் என்பதால் 5 என்றால் ஆறு பிக்சல் சொச்சம். என் படத்தில் ஒரு செ.மீ.க்கு 100 பிக்சல், ஆக அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு அசைவு போதும்.

அடுத்தது நிழல். `Multiply` போட்டால் தசையின் நிழல் தானாக டாட்டூ மேல் விழும் என்பது பாதி உண்மைதான். சாம்பல் பூச்சுக்கு விழும், சுத்தக் கருப்புக் கோட்டுக்கு விழாது. சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம்தானே. தோளின் பளபளப்பிலும் சரி, அக்குள் பக்கத்து இருட்டிலும் சரி, கோடு ஒரே கருப்பாக நிற்கும். ஸ்டிக்கர் மாதிரி தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். டிசைன் லேயரில் `Levels` திறந்து `Output Levels` இடப்பக்கத்தை 50க்கு உயர்த்திவிடுங்கள். இப்போது வெளிச்சமான தோல் 200 என்றால் கோடு 40 வாக்கில் வரும், இருட்டுத் தோல் 90 என்றால் கோடு 18. நிழல் கோட்டுக்குள்ளேயும் நடந்து போகிறது.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. மை தோலின் மேல் இல்லை, மேல்தோலுக்குக் கீழே இரண்டாம் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. வியர்வை மினுமினுப்பு, எண்ணெய்ப் பளபளப்பு, மயிர் எல்லாம் மைக்கு மேலே. நம் ஊர் வெயிலில் எடுத்த கையில் மினுமினுப்பு இல்லாமல் இருக்காது. `Blending Options` உள்ளே `Blend If` இருக்கிறது. அதில் `Underlying Layer` வெள்ளைக் குமிழை Alt பிடித்துப் பிளந்து 190, 235 என்று வைத்தால், தோள் மேட்டில் மினுங்குகிற இடத்தில் மை மெல்லக் கரைந்து ஒளி மேலே வருகிறது. தம்பியிடம் இந்தப் படி இல்லாத படத்தைத்தான் முதலில் காட்டினேன். "ஏனுங்ணா, காளை நல்லாருக்குதுங்க, ஆனா என்னமோ ஒட்டுன மாதிரியே தெரியுதுங்களே" என்றார். `Blend If` போட்டுவிட்டுத் திருப்பிக் காட்டியதும் தன் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் தடுப்பூசித் தழும்பு. நம் ஊரில் பலருக்கும் இடது மேல்கையில் பிசிஜி ஊசித் தழும்பு இருக்கும். இவருக்கு அது சரியாகக் காளையின் நெற்றியில் விழுந்தது. தழும்புத் தோலில் மை ஒரே சீராகப் பிடிப்பதில்லை, அதை அப்படியே மூடிக் காட்டினால் பொய்ப் படம். அந்த வட்டத்தில் மாஸ்க்கைத் திட்டுத் திட்டாகக் குறைத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு டாட்டூக்காரர் நெற்றிச் சுழியை அரை அங்குலம் கீழே இறக்கி வரைந்துகொண்டார். மச்சத்துக்கும் இதே கதைதான், பொறுப்பானவர்கள் மச்சத்தின் மேல் குத்த மாட்டார்கள், படத்திலும் அதைச் சுற்றி வெற்றிடம் விட்டுவிட வேண்டும்.

மங்கல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் பெரும்பாலான படங்கள் கவிழ்கின்றன. `Opacity`யை 60க்கு இறக்கிவிட்டுப் பழைய டாட்டூ என்கிறார்கள். பழைய டாட்டூ வெளுப்பதோடு நிற்பதில்லை, அகலவும் செய்யும், நிறமும் மாறும். எனக்கு மாதிரி எங்கள் அம்மாயியின் முன்கைதான். கல்யாணத்துக்கு முன்னாடி குத்திய கோலப் பச்சை. புள்ளியும் கோடும் தனித்தனியாக இருந்த இடம் இப்போது சேர்ந்துபோய், ஓரம் கரைந்து, நீலமும் பச்சையும் கலந்த சாம்பலாக இருக்கிறது. மேலே மூடிய தோலில் நீல ஒளி அதிகம் சிதறித் திரும்புவதால் ஆழத்தில் இருக்கிற கருப்பு நீலமாடித் தெரிகிறது, நம் நிறத்தோலில் மேலே பழுப்பும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே பத்து வருடத் தோற்றத்துக்கு நான் இப்படிச் செய்கிறேன். டிசைனுக்கு 3 பிக்சல் மங்கல், பிறகு `Levels` வைத்துக் கோட்டைத் தடிமனாக்கி, மறுபடி 1 பிக்சல் மங்கல். கருப்பின் அடியை 50லிருந்து 80 வாக்கில் ஏற்றி, அதில் நீலத்தை ஒரு சொட்டு. வெயில் படுகிற வெளிப்பக்கம் அதிகமும், சட்டைக் கை மூடுகிற மேல்பகுதி குறைவாகவும் மங்கும்படி மாஸ்க். கடைசியில் போட்டோவில் இருக்கிற அளவுக்கு `Add Noise`, இல்லையென்றால் மங்கலாக்கிய இடம் வழவழவென்று தனியாகத் தெரியும். இந்த எண்கள் ஒரு செ.மீ.க்கு 100 பிக்சல் இருக்கிற படத்துக்கு மட்டும். உங்கள் படம் பாதி அளவு என்றால் பிக்சலையும் பாதியாக்குங்கள்.

நிஜத்தோடு ஒப்பிட்டால்? திரும்பி வந்த கைகளில் பார்த்தவரை, அடர்த்தியாக நிரப்பிய கருப்பை நான் தேவைக்கு மேல் மங்கலாக்கிக் காட்டுகிறேன், அது நன்றாகவே நிற்கிறது. நான் காட்டியதைவிட வேகமாகப் போவது புள்ளி ஷேடிங்கும் வெளிர்ச் சாம்பலும். காளைக் கழுத்துத் தோல் மடிப்பில் போடுகிற அந்த மெல்லிய சாம்பல்தான் முதலில் காணாமல் போகிறது. அதனால் இப்போது ஒரே டிசைனை மூன்று அடுக்காகப் பிரித்து, கோடு, நிரப்பு, சாம்பல் மூன்றுக்கும் தனித்தனி மங்கல் கொடுக்கிறேன். வேலை கூடுதல், ஆனால் படம் கிட்டத்தில் நிற்கிறது.

முன்கைக்கு இந்த முறை இவ்வளவு சுத்தமாக வராது. உள்ளங்கையைத் திருப்பினால் முன்கைத் தோலும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது, ஒரு நிலையில் நேராக இருந்த காளை இன்னொரு நிலையில் சாய்ந்து நிற்கும். முன்கை என்று வருகிறவர்களுக்கு இரண்டு நிலையிலும் போட்டோ எடுத்து இரண்டிலும் போட்டுக் கொடுக்கிறேன், அதற்குத் தனிக் காசுதான். இந்தத் தம்பிக்கு புதுசாக இருக்கிற மாதிரி ஒன்று, பத்து வருடம் கழித்து ஒன்று, இரண்டு பிரிண்ட். இரண்டாவதைப் பார்த்துவிட்டுக் கொம்புக்குள் இருந்த மெல்லிய வளையக் கோடுகளில் பாதியை எடுத்துவிடச் சொன்னார், டாட்டூக்காரருக்கும் ஒரு மணி நேர வேலை மிச்சம்.