அசிட்டிக் அமிலத்தின் Λ⁰: நேர்கோட்டை நீட்டுவதா, கோல்ராஷைச் சுற்றிப் போவதா, ஆஸ்வால்டை நம்புவதா?

சோடியம் குளோரைடின் எல்லை மோலார் கடத்துத்திறனை, அதாவது Λ⁰-ஐ, கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. சில செறிவுகளில் மோலார் கடத்துத்திறன் Λ-வை அளந்து, செறிவின் வர்க்கமூலமான √c-க்கு எதிராகப் புள்ளி வைத்து, கோட்டைச் செறிவு பூச்சியம் வரை நீட்டினால் விடை வந்துவிடும். அதையே அசிட்டிக் அமிலத்துக்குச் செய்தால் என்ன ஆகும்? இரண்டையும் ஒரே செறிவு எல்லையில் வைத்துப் பார்ப்போம். எல்லா எண்களும் 25°C-க்கு, S cm² mol⁻¹ அலகில்.

0.001 M-இல் சோடியம் குளோரைடின் Λ 123.68, 0.01 M-இல் 118.45. இந்த இரண்டே புள்ளிகளை இணைத்து நீட்டினால் 126.1 கிடைக்கும். சரியான மதிப்பு 126.45. இரண்டு புள்ளிக் கோட்டுக்கு இது அமோகம்.

இப்போது அசிட்டிக் அமிலம். 0.00984 M-இல் 16.37, 0.001028 M-இல் 48.15. நீட்டினால் வருவது 63. இன்னும் நீர்த்துப் போய் 0.000111 M-இல் அளந்தால் 127.75, இதையும் முந்தைய புள்ளியையும் இணைத்து நீட்டினால் 167. அதற்கும் கீழே 0.000028 M-இல் 210.38; இப்போது கோடு காட்டுவது 294. உண்மையான விடை 390.7. ஒவ்வொரு முறை நீர்க்கும்போதும் விடை ஓடிக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிது: இங்கே Λ ஏறுவது அயனிகள் ஒன்றையொன்று இழுப்பது குறைவதால் மட்டும் அல்ல, முக்கியமாகப் புதிய அயனிகள் பிரிந்து வருவதால். √c நேர்கோடு முன்னதற்கானது. பின்னதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சரி, இன்னும் நீர்த்துக்கொண்டே போனால் என்ன? தண்ணீர் விடாது. 0.000028 M கரைசலின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 5.9 மைக்ரோசீமென்ஸ்தான். காற்றில் நின்று கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிய நல்ல வடிநீரே ஒரு மைக்ரோசீமென்ஸ் அளவுக்குக் கடத்தும். அளவீட்டில் ஆறில் ஒரு பங்கு தண்ணீருடையது என்றாகிவிடுகிறது. அதைச் சும்மா கழித்துவிடவும் முடியாது. அமிலம் சேர்ந்ததும் கார்பானிக் அமிலத்தின் பிரிகை அமுங்கிவிடும், கழிக்க வேண்டிய அளவே மாறிவிடும். ஆக முதல் வழி இத்தோடு முடிந்தது.

கோல்ராஷின் வழி இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஒதுங்கிப் போகிறது. அளவிலா நீர்த்தலில் ஒவ்வொரு அயனியும் தன் துணை யார் என்று பார்க்காமல் தன் பங்கை மட்டும் கடத்துகிறது என்பதுதான் அவர் 1870-களில் கண்ட விதி. அப்படியானால் அசிட்டேட் அயனியைச் சோடியத்தோடு அளக்கலாம், ஹைட்ரஜன் அயனியைக் குளோரைடோடு அளக்கலாம், கூடவே வந்த சோடியத்தையும் குளோரைடையும் மொத்தமாகக் கழித்துவிடலாம்:

Λ⁰(CH₃COOH) = Λ⁰(HCl) + Λ⁰(CH₃COONa) − Λ⁰(NaCl)

வலப்பக்கம் மூன்றும் வலிமை மிகு மின்பகுளிகள். மூன்றிலும் நேர்கோடு ஒழுங்காக வேலை செய்யும். மேலே செய்த அதே இரண்டு புள்ளி முறையை, அதே 0.001, 0.01 M செறிவுகளில், மற்ற இரண்டுக்கும் செய்வோம். HCl: 421.15, 411.80, நீட்டினால் 425.5. சோடியம் அசிட்டேட்: 88.5, 83.72, நீட்டினால் 90.7. சோடியம் குளோரைடு ஏற்கெனவே 126.1.

425.5 + 90.7 − 126.1 = 390.1

நேரடியாகப் போய் 63 கொடுத்த செறிவு எல்லை, சுற்றிப் போனதும் 390.1 கொடுக்கிறது. பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. இதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு: மூன்று கோடுகளும் ஒரே பக்கமாக, கொஞ்சம் குறைவாகத்தான் காட்டுகின்றன. இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழிப்பதால் அந்தக் குறையில் ஒரு பகுதி தானே அடிபட்டுப் போகிறது. தண்ணீரும் இங்கே தொல்லை தருவதில்லை, 0.001 M சோடியம் குளோரைடு 124 மைக்ரோசீமென்ஸ் கடத்தும்போது தண்ணீரின் ஒன்று பெரிதல்ல.

இங்கே உண்மையில் கெடுப்பது வெப்பநிலை. கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். HCl-ஐ ஒரு நாளும் உப்பை வேறொரு நாளும் நீர்த்தொட்டி இல்லாமல் அளந்தால், HCl-இன் பெரிய எண்ணில் ஒரு டிகிரிப் பிழையே ஆறேழு அலகை விழுங்கிவிடும். கலமாறிலிப் பிழை அவ்வளவு மோசமில்லை. அதே கலத்தில்தான் அமிலத்தின் Λ-வையும் அளக்கிறோம் என்றால், பிரிகை வீதமான α = Λ/Λ⁰ என்ற விகிதத்தில் அது அடிபட்டுவிடும்.

அயனி அட்டவணையைத் திறந்து ஹைட்ரஜன் அயனியின் 349.8-ஐயும் அசிட்டேட்டின் 40.9-ஐயும் கூட்டினால் அதே 390.7 வருமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதைத் தனி வழியாகச் சரிபார்ப்புக்கு வைக்க முடியாது, அசிட்டேட்டின் 40.9 என்பதே சோடியம் அசிட்டேட்டின் 91.0-இலிருந்து சோடியத்தின் 50.1-ஐக் கழித்து வந்ததுதான். பழைய அட்டவணைகளில் பல எண்கள் 18°C-க்கானவை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான போட்டியாளர் ஆஸ்வால்டின் நீர்த்தல் விதி. அதை மாற்றி எழுதினால்:

1/Λ = 1/Λ⁰ + cΛ/(K·Λ⁰²)

cΛ-க்கு எதிராக 1/Λ-வை வரைந்தால் நேர்கோடு, வெட்டுத்துண்டு 1/Λ⁰. துணைக்கு எந்த உப்பும் வேண்டாம், அமிலம் ஒன்றே போதும், பிரிகை மாறிலி K-யும் கூடவே கிடைக்கும். பார்க்க மிக அழகு. மாணவனாக இருந்தபோது இதை நம்பி 0.1, 0.05 M கரைசல்களை வைத்து வரைந்தேன். வெட்டுத்துண்டு குறை எண்ணாக வந்தது! கணக்கில் தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

கணக்கில் தப்பில்லை. நல்ல அளவீடுகளை வைத்தாலும் அப்படித்தான் வரும். 0.05 M-இல் Λ 7.36, 0.1 M-இல் 5.20, அதாவது 1/Λ முறையே 0.136, 0.192. நாம் தேடும் வெட்டுத்துண்டோ 0.0026. அயனிகளின் இழுப்பால் கோடு இம்மியளவு வளைந்தாலும் அந்தச் சிறு எண் காணாமல் போய்விடும். 0.01, 0.001 M-க்கு இறங்கினால் 346 வருகிறது. அந்த இரண்டு மிக நீர்த்த புள்ளிகளை எடுத்தால்தான் 388-ஐ நெருங்குகிறது. தண்ணீர் தொல்லை கொடுத்த அதே புள்ளிகள்!

346 பரவாயில்லையே, 11 சதவீதம்தானே குறைவு என்று விட்டுவிட முடியாது. 0.001028 M-இல் 390.7-ஐ வைத்தால் α 0.123, K 1.78 × 10⁻⁵. 346-ஐ வைத்தால் α 0.139 ஆகி, K 2.3 × 10⁻⁵-க்குத் தாவிவிடும். 30 சதவீதம் கூடுதல்.

அதனால் நான் Λ⁰-ஐக் கோல்ராஷிடமும் K-யை ஆஸ்வால்டிடமும் கேட்பேன். சந்தேகம் வந்தால் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்புகளை வைத்து ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்: 426.2 + 114.4 − 149.9. அதே 390.7 வராவிட்டால், தப்பு விதியில் இல்லை. பெரும்பாலும் அசிட்டேட் உப்பு ஈரம் உறிஞ்சியிருக்கும், எடை போட்டதில்தான் கோளாறு.