ஒரே நடிகர், வெறும் மேடை: யாரைப் பார்த்துப் பேசுவது?

கல்லூரிக் கலைவிழாவில் தனிநபர் நடிப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் முதலில் தேடுவது கதையைத்தான். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அம்மா, வாணியம்பாடித் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் அப்பா, வேலூர்க் கோட்டையின் சிப்பாய் என்று கதைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் அதே கதையை மேடையில் நிற்பவர் யாரிடம் பேசுகிறார் என்பதை முடிவு செய்யாமல் எழுத ஆரம்பித்தால், இரண்டாவது பக்கத்திலேயே எழுத்து தடுமாறும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எதிரில் ஓர் ஆள் இருப்பதாக வைத்து அவரிடம் பேசுவது ஒன்று. ஒரே நடிகர் எல்லாப் பாத்திரங்களாகவும் மாறுவது இன்னொன்று. கூத்தில் கட்டியக்காரன் செய்வதுபோல நேராகப் பார்வையாளர்களிடம் பேசுவது மூன்றாவது. தனக்குத் தானே புலம்புவது என்று நான்காவதாக ஒன்றையும் மாணவர்கள் எழுதுகிறார்கள். அதில் பேசுபவருக்கு யாரிடமிருந்தும் எதுவும் வேண்டியதில்லை என்பதால், ஒரு நிமிடத்துக்கு மேல் அது தாங்காது. அதை விட்டுவிடலாம்.

மூன்றையும் ஒரே கதையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கதை இது. ஓர் அம்மா ஆயிரம் பீடி சுற்றி, கட்டுக்கு 25 என்று கட்டி, ஏஜென்ட் கடைக்குக் கொண்டுவருகிறார். ஏஜென்ட் பிரித்துப் பார்த்து எட்டுக் கட்டைக் கழித்துப் போடுகிறார். அம்மாவுக்குக் கோபம். ‘இது என் கை வேலையே இல்லை, வேறு யாருடையதோ என் பையில் கலந்துவிட்டது’ என்று சண்டை போடுகிறார். பிறகு ஒரு பீடியை எடுத்து நூலைப் பிரிக்கும்போது, அது எதிர்ப்பக்கமாகச் சுற்றப்பட்டிருப்பது தெரிகிறது. அவர் மகள் இடது கைப் பழக்கம் உள்ளவள். நேற்று இரவு அம்மா அசந்து தூங்கிய பிறகு, காலையில் பரீட்சை இருந்தும் மிச்சத்தை அவள்தான் சுற்றி வைத்திருக்கிறாள். இப்போது அம்மா என்ன சொல்வார்? ‘என் கைதான்’ என்று சொல்லிவிட்டு, கழித்ததை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறார்.

இதை முதல் வழியில் எழுதினால் மேடையில் இருப்பவர் அம்மா மட்டும். எதிரில் ஏஜென்ட், நம் கண்ணுக்குத் தெரியாத ஆள். இந்த வழியின் பலம், அம்மாவுக்கு அவரிடமிருந்து ஒன்று வேண்டும் என்பது: எட்டுக் கட்டுக்கான கூலி. அதை வாங்காமல் அவரால் அங்கிருந்து நகர முடியாது. அதனால்தான் பேச்சு நிற்காமல் போகிறது. யாராவது ‘இவர் ஏன் இவ்வளவு பேசுகிறார்?’ என்று கேட்டால் பதில் காட்சிக்குள்ளேயே இருக்கிறது.

இதில் எல்லோரும் விழும் குழி, எதிராளி சொன்னதை மேடையில் இருப்பவர் திருப்பிச் சொல்வது. ‘என்ன சொல்றீங்க, என் பையில இருந்துதான் எடுத்தீங்களா?’ என்று எழுதிவிட்டால், அது தொலைபேசியில் பேசுவதுபோல ஆகிவிடும். நாலு தடவை இப்படி வந்தால் நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இதற்கு நான் எப்போதும் சொல்லும் வழி ஒன்று உண்டு. முதல் பிரதியில் இரண்டு பேருடைய வசனத்தையும் முழுசாக எழுதுங்கள்.

ஏஜென்ட்: உன் பையில இருந்துதாம்மா எடுத்தேன்.
அம்மா: என் பையில இருந்தா? கலந்திருக்கும்ணா.
ஏஜென்ட்: அடுத்த ஆளு நிக்குது, ஓரமா போ.
அம்மா: ஓரமாலாம் போக மாட்டேன்.

பிறகு ஏஜென்டின் வரிகளை அடித்துவிட்டு, மிஞ்சியதை அப்படியே விடாமல் திருத்தி எழுத வேண்டும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பதிலிலிருந்தே தெரிய வேண்டும். ஆனால் அவருடைய சொல் அதில் இருக்கக் கூடாது.

அம்மா: அப்ப பையைக் கொட்டுங்கணா. இங்கயே கொட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும். (பக்கத்தில் திரும்பி) நீ இரும்மா, உன்னுது எங்கயும் ஓடாது.

ஒரே மூச்சில் இரண்டு பதில் வந்துவிட்டது. பின்னால் வரிசை நிற்பதும் தெரிந்துவிட்டது. செட் இல்லாத மேடையில் கடையைக் கட்டுவது இப்படிப்பட்ட வரிதான்.

அடுத்தது, அந்த ஏஜென்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது. இதை எழுதும்போதே குறித்துவிடுங்கள். பக்கவாட்டில் வைத்தால் பார்வையாளர்களுக்கு அம்மாவின் பாதி முகம்தான் தெரியும். பார்வையாளர்களின் பக்கமே, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடைசி வரிசைக்குச் சற்று மேலே அவர் கண் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவர் உயரமான திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா கீழே நிற்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே வந்துவிடும். நடுவில் அந்த இடம் ஓர் அடி நகர்ந்தாலும் கடை கலைந்துவிடும்.

திருப்பம் வேலை செய்ய இரண்டு விஷயம் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ஒன்று, மகளின் இடது கை. ‘என் பொண்ணு இடது கைக்காரி’ என்று தனியாகச் சொன்னால் எல்லோருக்கும் முடிவு புரிந்துவிடும். வேறொரு காரியத்துக்காகச் சொல்வதுபோல நுழைக்க வேண்டும். ‘சீக்கிரம் பாருங்கணா, பொண்ணுக்கு இன்னிக்குப் பரீட்சை. இடது கையில எழுதுறவ, மை பூரா கையில ஈஷிக்கும்’ என்று அவசரத்தைக் காட்டும் வரிக்குள் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டாவது, நூல் சுற்றும் திசை. சண்டையின் உச்சத்தில் அம்மா காற்றில் ஒரு பீடியைப் பிடித்து, ‘என் நூல் இப்படித்தான் சுத்தும்’ என்று விரலால் சுற்றிக் காட்ட வேண்டும். இது கோபத்தில் செய்யும் சைகை. நான்காவது நிமிடத்தில் அதே விரல்கள் கழித்துப் போட்ட பீடியின் நூலைப் பிரிக்கும்போது எதிர்பார்த்ததற்கு மாறான பக்கம் போகின்றன. அங்கே ஒரு வசனமும் வேண்டாம். கை பாதியில் நிற்கட்டும். அதுவரை ஏஜென்டைப் பார்த்திருந்த கண் இப்போது விரலைப் பார்க்கிறது. ‘இது என் பொண்ணு சுத்தினது’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அடுத்த வரி ‘என் கைதாண்ணா. நேத்து கொஞ்சம் தூக்கம். கழிச்சிக்கோங்க’ என்பதாக மட்டும் இருந்தால் போதும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ‘இன்னா’, ‘கீது’ எல்லாம் அந்த அம்மாவின் வாயில் இயல்பாக வரும். ஆனால் சினிமா பழக்கத்தில் ‘கீது’ என்றதும் சிரிக்கும் கூட்டம் உண்டு. முதல் அரை நிமிடத்தில் இரண்டு இடத்தில் வைத்து, சிரிப்பு வந்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும்படி செய்யுங்கள். நூல் பிரிக்கும் இடத்துக்குப் பிறகு வேண்டாம்.

இரண்டாவது வழியில் அம்மா, ஏஜென்ட், மகள் மூவரும் ஒரே நடிகர். இது பார்க்கப் பகட்டாக இருக்கும், கைதட்டலும் வாங்கும். நடிப்புத் திறமையைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். ஆனால் இந்தக் கதைக்கு அது பொருந்தாது. மகளை மேடைக்குக் கொண்டுவந்தால் இரவுக் காட்சியைக் காட்டியாக வேண்டும். காட்டினால் ரகசியம் போய்விடும். காட்டாமல் விட்டால் மகள் வந்ததற்குப் பயனில்லை. அதோடு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடம்பு திரும்பி, பார்வை மாறி, குரல் மாற ஒரு நொடியாவது போகும். சண்டைக் காட்சியில் அந்த ஒரு நொடிதான் சூட்டை ஆற்றிவிடுகிறது. நூல் பிரிக்கும் இடத்திலும் நமக்குத் தேவை அம்மாவின் முகம் விடாமல் தெரிவது. அங்கே ஏஜென்டாக மாறினால் எல்லாம் போச்சு.

ஆனாலும் பல குரல்களே கதையாக இருக்கும் இடத்தில் இதுதான் வழி. காட்பாடி ரயிலில் ஒரு சீட்டுக்காக மூன்று பேர் போடும் சண்டையை வேறு எப்படியும் எழுத முடியாது. அப்போது ஒருவருக்கு ஓர் உயரம், ஒருவருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். அம்மா இடப்பக்கம் மேலே பார்ப்பார், டிடிஆர் வலப்பக்கம் கீழே பார்ப்பார். குரலை நம்பாதீர்கள், அரங்கத்து மைக்கில் முதலில் கரைவது குரல் வித்தியாசம்தான். மூன்று பேருக்கு மேல் போனால் யார் யார் என்று எண்ணுவதிலேயே பார்வையாளரின் நேரம் போய்விடும்.

மூன்றாவது, கட்டியக்காரன் வழி. பழைய வட ஆர்க்காட்டில், செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்களில், கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கும். இரண்டு பேர் பிடிக்கும் திரையைத் தவிர அங்கே செட் என்று எதுவும் இல்லை. கட்டியக்காரன் ‘இது அரண்மனை’ என்றால் அரண்மனை, ‘விடிஞ்சிபோச்சு’ என்றால் விடிந்துவிட்டது. அந்தச் சுதந்திரம் மற்ற இரண்டு வழிக்கும் கிடையாது. பீடிக் கதையை இப்படிச் சொன்னால் நேற்று இரவுக்கும் இன்று காலைக்கும் ஒரே அடியில் தாண்டலாம். ஆனால் சொல்பவருக்கு முடிவு தெரியும். தெரிந்தவர் சொல்லும்போது நூலைப் பிரிக்கும் விரல் தயங்குவதில்லை, ‘தயங்கினாள்’ என்று செய்தியாக வருகிறது. நடுவர்கள் ‘கதை சொன்னார், நடிக்கவில்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பது இந்த இடத்தில்தான்.

இதையே கோட்டைச் சிப்பாய்க்கு வைத்துப் பாருங்கள், கணக்கு தலைகீழாகும். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கிளர்ச்சி ஏன் வெடித்தது என்று தெரிய, புதுத் தலைப்பாகை உத்தரவு, நெற்றிக்குறி கூடாது என்ற தடை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் மகன்கள், ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி எல்லாம் சொல்லப்பட வேண்டும். ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயிடம் ‘நமக்குப் புதுத் தலைப்பாகை போட உத்தரவு வந்திருக்கிறதே’ என்று விளக்க மாட்டான். இருவருக்கும் அது தெரியும். எதிராளியிடம் பேசும் வழியில் எழுதினால் வரலாற்றுப் பாடம் சிப்பாயின் வாயில் திணிக்கப்படும். கட்டியக்காரன் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, தலைப்பாகையை வாங்கும் கை மட்டும் சிப்பாயாக மாறலாம்.

ஆக, ஒரே இடம், ஒரே நேரம், ஒரு ரகசியம் என்று இருக்கும் கதைக்கு என் தேர்வு முதல் வழி. பார்வையாளருக்குத் தெரியாத பின்னணி நிறைய இருந்தால் மூன்றாவது. கூட்டமே கதை என்றால் மட்டும் இரண்டாவது.

எதை எடுத்தாலும் நேரத்தைப் பார்த்து எழுதுங்கள். மேடைத் தமிழில் நிறுத்தங்களோடு பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போகும். ஆறு நிமிடம் என்றால் 500 சொல்லுக்குள் முடிய வேண்டும். விதித்தாளில் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு அரை நிமிடம் குறைவாகவே எழுதுங்கள். பயத்தில் வேகம் கூடினாலும், கைதட்டல் விழும் இடத்தில் பேச்சு நிற்கும். நேரம் தாண்டிப்போனால் பீடிக் கதையில் நான் வெட்டுவது சண்டையின் நடுப்பகுதியை. இடது கை வரியையும், நூலுக்குப் பிறகு வரும் மௌனத்தையும் தொட மாட்டேன்.