பகுதிநேர சனலுக்கு ஒரு கையிருப்பு: இரண்டு வருடப் பாவனை அனுபவம்

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வெள்ளவத்தையில் குடியிருப்பு. கொழும்பின் பழைய கட்டடங்களைப் பற்றி யூடியூப்பில் ஒன்றரை நிமிட வீடியோக்கள் போடுவது பகுதிநேரம். யோசனைகளை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதும், "குறைந்தபட்சம் இவ்வளவுதான்" என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வதும் ஏறக்குறைய இரண்டு வருடமாக என் வழக்கம். அந்த முறை எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

பகுதிநேரமாகச் செய்கிறவர்களைக் களைக்க வைப்பது வீடியோ எடுக்கும் வேலை அல்ல என்பது என் முடிவு. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து, வெறும் தலையோடு "நாளைக்கு என்ன போடுவது?" என்று யோசிப்பதுதான் ஆளைத் தின்கிறது. எடிட்டிங் களைப்பு தூங்கினால் போய்விடும். இது போகாது, அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் தொடரும்.

அதற்குத்தான் யோசனைக் கையிருப்பு. ஆனால் வெறும் தலைப்புகளைச் சேர்ப்பதில் பயன் குறைவு. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை, சமையல் சனல் நடத்துகிறார். அவருடைய போனில் தலைப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. "தம்பி, லிஸ்ட்டைத் திறந்தாலே தலை சுத்துது, மூடி வைச்சிட்டுப் படுத்திடுவன்" என்றார். தலைப்பு மட்டும் இருந்தால், யோசிக்கும் வேலை முழுவதும் இன்னும் பாக்கி இருக்கிறது என்றுதான் அர்த்தம். லிஸ்ட் நீள நீளக் கடன்தான் கூடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள சிவப்புப் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. "சிவப்புப் பள்ளிவாசல்" என்று மட்டும் நான் குறித்து வைத்திருந்தால், மூன்று மாதம் கழித்து அது எனக்கு ஒன்றும் சொல்லாது. என் குறிப்பில் நான்கு விஷயங்கள் இருந்தன. முதலாவது, ஒரு கேள்வி: இந்த நெருக்கமான தெருவில் இவ்வளவு உயர்ந்து, சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் கட்டடத்தை எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் முழுதாகத் தெரியும்? இரண்டாவது, நான் பேசப்போகும் முதல் வாக்கியம், அப்படியே. மூன்றாவது, இன்னும் எடுக்க வேண்டியது: எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து காலை வெளிச்சத்தில் ஒரு ஷொட். நான்காவது, கெடுமா கெடாதா. கட்டட வரலாறு கெடாது, ஆனால் ஒரு கொத்து ரொட்டியின் விலை பற்றிய வீடியோ கெடும். 2022க்குப் பிறகு விலைகள் எப்படி மாறின என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

இந்த நான்கும் எழுத ஐந்து நிமிடம் போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் எனக்கே குரல் குறிப்பு அனுப்பிவிடுவேன். ஞாயிறு இரவு அவற்றைக் கேட்டு நான்கு வரிகளாக மாற்றுவேன். நான்கும் நிரம்பாதவை தனியாகக் கிடக்கும், அவற்றைக் கையிருப்பு என்று நான் எண்ணுவதில்லை. நிரம்பியவை பதினைந்துக்கு மேல் போனால் புதிதாக ஒன்று சேர்க்கும்போது பழையது ஒன்றை அழிக்கிறேன். அழிக்க மனம் வராதுதான். ஆனால் ஒரு குறிப்பை மறுபடி வாசிக்கும்போது இது ஏன் பிடித்தது என்று ஞாபகம் வரவில்லை என்றால், அதைப் பிடித்து வைத்திருப்பதில் பயனில்லை.

இரண்டாவது பகுதி குறைந்தபட்சக் கணக்கு. என்னுடையது இரண்டு கிழமைக்கு ஒரு வீடியோ, சனிக்கிழமை காலை. இதை நல்ல மாதத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும், அந்த நாட்களில் வீட்டுக்கு வருவதே பெரிய விஷயம். ஒரு வீடியோவுக்கு எழுத, எடுக்க, வெட்ட எல்லாமாக நான்கு மணித்தியாலம் அளவில் போகும். மார்ச் மாதத்தில் இரண்டு கிழமைக்கு நான்கு மணித்தியாலம் தேடிப் பிடிக்கலாம், ஒரு கிழமைக்குத் தேட முடியாது. அதனால்தான் அந்தக் கணக்கு.

இது மிகவும் குறைவில்லையா என்று கேட்பார்கள். யூடியூப்பின் விதிகளைப் பார்த்தால் பயம் குறையும். வருமானத் திட்டத்தின் முதல் படிக்கு 500 சந்தாதாரர்களோடும் பார்வைக் கணக்கோடும் சேர்த்து, 90 நாட்களில் பொதுவில் போட்ட வீடியோக்கள் மூன்று வேண்டும். என் கணக்கில் அந்த நாட்களுக்குள் ஆறு வந்துவிடும். சேர்ந்த பிறகு, ஆறு மாதமோ அதற்கு மேலோ எதுவும் போடாமல் இருந்தால் வருமானத்தை நிறுத்தக்கூடும் என்கிறார்கள். ஒரு சனிக்கிழமை தவறினால் எல்லாம் போயிற்று என்று எந்த விதியிலும் இல்லை.

நல்ல மாதம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்த முறையின் உயிர். உற்சாகத்தில் கிழமைக்கு இரண்டு போட ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள், நமக்கும் அதுவே புதிய குறைந்தபட்சமாகிவிடும். அதனால் மேலதிகமாக எடுப்பதை நான் வெளியிடுவதில்லை. கெடாத வகையில் முழுதாக முடித்த வீடியோக்கள் மூன்றை எப்போதும் வைத்திருப்பேன், திகதி போடாமல், பிரைவேட்டாக. காய்ச்சல் வந்தால், அலுவலகம் பிடித்து இழுத்தால், ஒன்றுக்குத் திகதி போட்டு விடுவேன். ஒன்று குறைந்தால் அடுத்த போயா விடுமுறையில் நிரப்புவேன். போயாக் காலையில் காலி வீதி இரைச்சல் குறைவு, வீட்டிலேயே குரல் பதிய வசதி. மாதத்துக்கு ஒரு போயா நிச்சயம் என்பதால் நிரப்பும் நாளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

மூன்றும் தீர்ந்து, போயாவும் இன்னும் வரவில்லை என்றால்? அந்தச் சனிக்கிழமை விட்டுவிடுகிறேன். அடுத்த தடவை இரண்டாகப் போட்டு ஈடு செய்வதில்லை. ஈடு செய்யத் தொடங்கினால் தவறிய நாள் ஒவ்வொன்றும் வட்டியோடு திரும்பி வரும்.

அந்த அக்காவுக்கும் இதையே சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களை வைத்து அவர் தன் கணக்கைப் போட்டார்: மாதத்துக்கு ஒரு முழு வீடியோ, நடுவில் ஒரு படமும் செய்முறையும். லிஸ்ட்டில் பெரும்பகுதியை அழித்துவிட்டார். இப்போது எப்படி என்று கேட்டேன். "பிள்ளைகளின்ட தாள் இருக்கிற நாளில லிஸ்ட்டைத் திறக்கிறதே இல்லை தம்பி, அதுவே நிம்மதி" என்றார்.

இதன் எல்லைகளும் இருக்கின்றன. செய்தி, கிரிக்கெட், அரசியல் செய்கிறவர்களுக்கு முடித்த வீடியோக்களைச் சேர்த்து வைப்பது சரிவராது, இரண்டு நாளில் எல்லாம் பழசாகிவிடும். அவர்கள் பின்னணி விளக்கங்களை மட்டும் வைத்திருக்கலாம், ஒரு போட்டி விதி எப்படி வேலை செய்கிறது என்பது போல. அப்புறம், வேலை கூடிய களைப்புக்குத்தான் இந்த முறை. கையிருப்பு நிரம்பி இருந்தும் திறந்து பார்க்கவே வெறுப்பாக இருந்தால், நல்ல கருத்துக்கும் எரிச்சல் வந்தால், அது யோசனைப் பஞ்சம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் வேலைச் சோர்வுக்குச் சொல்லியிருக்கும் அடையாளங்களில் களைப்போடு இந்த விலகலும் ஒன்று. எனக்கு அப்படி ஒரு தடவை வந்தபோது முடித்து வைத்திருந்த மூன்றுக்கும் வரிசையாகத் திகதி போட்டுவிட்டு, ஆறு கிழமை போனிலிருந்து யூடியூப் ஆப்பை எடுத்துவிட்டேன். கருத்துகளுக்குப் பதில் போகவில்லை. சந்தாதாரர் சிலர் குறைந்தார்கள். அதை ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் திரும்பி வந்தபோது எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது வுல்வெண்டால் தேவாலயத்தை. அதற்கான நான்கு வரிகளும் ஏற்கனவே எழுதி இருந்தன.