ஒரு ‘டொக்’கா, பல ‘டக்டக்’கா: பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மூன்றில் குற்றவாளி யார்?

சாவியைத் திருப்புகிறோம். இன்ஜின் சுற்றவில்லை, பானெட்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் உடனே “பேட்டரி போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரத்தில் நல்ல பேட்டரியைக் கழற்றிப் பழைய விலைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வருவோம். பேட்டரியோடு கேபிள் சேரும் டெர்மினல் தளர்ந்திருந்தாலும், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் பழுதானாலும் வருவது ஏறக்குறைய அதே சத்தம்தான். சத்தம் ஒன்றானாலும் மூன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு, அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளையாக சோலனாய்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று உள்ளிருக்கும் தண்டை வேகமாக இழுக்கும், இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைக்கும். தண்டு முழுதும் உள்ளே போனதும் ஒரு செம்புத் தட்டு இரண்டு முனைகளை இணைத்து மோட்டாருக்குக் கரண்ட் விடும். அந்த நொடியிலேயே இழுக்கும் சுருளின் வேலை முடிந்துவிடும், பிடிக்கும் சுருள் மட்டும் தாங்கும்.

பேட்டரி இளைத்திருந்தால் மோட்டார் கரண்ட் கேட்ட கணமே வோல்ட் சரிந்துவிடும். பிடிக்கும் சுருளுக்குத் தெம்பு போதாமல் தண்டு பின்வாங்கும். பின்வாங்கியதும் மோட்டாரின் சுமை விலகி வோல்ட் ஏறும், ஏறியதும் தண்டு மறுபடி உள்ளே பாயும். இப்படி நொடிக்குப் பல முறை நடப்பதுதான் ‘டக்டக்டக்டக்’. ஆக, தொடர் சத்தம் கேட்டால் சோலனாய்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, கரண்ட்தான் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்குக் காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், வழியிலுள்ள டெர்மினலாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு கனமான ‘டொக்’ கேட்டு, சாவியைப் பிடித்திருக்கும் வரை வேறொன்றும் நடக்காவிட்டால் கதை வேறு. தண்டு உள்ளே போய் நிலைத்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை. செம்புத் தட்டு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சந்தேகம் செல்ஃப் பக்கம் சாய்கிறது. ஃபியூஸ் பெட்டியில் ரிலே எழுப்பும் மெல்லிய ‘டிக்’கை இந்த ‘டொக்’கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரிலே மட்டும் ‘டிக்’ என்று செல்ஃப் பக்கம் நிசப்தமாக இருந்தால், சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கைப் போட்டுப் பாருங்கள்

கருவி எதுவும் கையில் இல்லாதபோது மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த எளிய வழி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புவது. பேட்டரி இளைத்திருந்தால் விளக்கு முதலிலேயே சோகையாக எரியும், திருப்பும்போது மெழுகுவர்த்தி அளவுக்கு மங்கும். டெர்மினல் தளர்வு என்றால் விளக்கு அதுவரை பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், திருப்பிய நொடியில் பட்டென்று அணையும், விட்டதும் திரும்பி வரும். சில நேரம் டேஷ்போர்டே இருண்டு, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். செல்ஃப் பழுதில் ஒரு ‘டொக்’ கேட்கும், விளக்கு அசையவே அசையாது. மோட்டார் கரண்டே எடுக்கவில்லை என்றால் விளக்கு ஏன் மங்கப்போகிறது?

எல்இடி ஹெட்லைட் உள்ள வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றலாம். அதன் டிரைவர் சர்க்யூட் வோல்ட் குறைந்தாலும் கொஞ்ச தூரம் வெளிச்சத்தைச் சமாளித்துவிடும். அங்கே ஹாரனை அழுத்திக்கொண்டு திருப்பிப் பாருங்கள், குரல் கம்முவது காதுக்குத் தெரியும்.

ஒரே ஒரு ‘டொக்’ கேட்டு விளக்கும் கடுமையாக மங்கினால் இரண்டு மூன்று வாய்ப்புகள் உண்டு. மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போய்ச் சுற்ற முடியாமல் கரண்ட்டை மட்டும் விழுங்கலாம், பேட்டரி அடியோடு செத்தும் இருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அதற்கு மேல் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, விடாமல் முயன்றால் கனெக்டிங் ராடு வளையலாம். 2015 டிசம்பரில் தண்ணீரில் மூழ்கிய சென்னை வண்டிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தியது.

பூஸ்டர் கேபிள் சொல்லும் பொய்

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரிதான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய ஆட்சேபம். போன மாதம் நடந்த கதையைச் சொன்னால் காரணம் புரியும்.

தங்கை வீட்டு மாப்பிள்ளை திருச்சியிலிருந்து போன் செய்தார். “மச்சான், ரெண்டு வாரமா காலைல டக்டக்னு மட்டும் அடிக்குது. பக்கத்து வீட்டு வண்டியில கேபிள் போட்டா உடனே எடுக்குது. பேட்டரி மாத்திடலாம்னு கடையில சொல்றாங்க.”

“கேபிள் கிளிப்பை எதுல மாட்டினீங்க மாப்ள?”

“டெர்மினல் நட்டு மேலதான்.”

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பேட்டரியின் மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஈய முனை. அதைச் சுற்றிக் கவ்வியிருப்பது கிளாம்ப், நட்டு இருப்பது கிளாம்ப்பில். இரண்டுக்கும் நடுவில் உப்புப் பூத்தோ தளர்ந்தோ இருந்தால் கரண்ட் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பூஸ்டர் கிளிப்பை நட்டு மேல் மாட்டினால் கரண்ட் கெட்ட இணைப்பைச் சுற்றிக்கொண்டு நேராக வண்டியின் கேபிளுக்குள் போய்விடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகும், நல்ல பேட்டரி மேல் பழி விழும். புதுப் பேட்டரி மாட்டும்போது கடைக்காரர் டெர்மினலைத் தேய்த்து இறுக்குவார், வண்டியும் சரியாகிவிடும். அப்புறம் பழைய பேட்டரிதான் கெட்டிருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு போனேன். இரவு முழுக்க நின்ற வண்டி, சிறிய பெட்ரோல் கார், பேட்டரிக்கு இரண்டரை வயது. ஈய முனைகளில் நேரடியாக வைத்துப் பார்த்ததில் 12.5 வோல்ட். முழு சார்ஜ் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே என்றால் பட்டினி. ஆனால் ஓய்வில் எடுத்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. உள்ளே நைந்துபோன பேட்டரியும் சும்மா நிற்கும்போது 12.5 காட்டும். கேள்வி, சுமை ஏறும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதுதான்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு மாப்பிள்ளையைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அதே ‘டக்டக்’. முனைக்கு முனை பார்த்தால் மீட்டர் 12க்குக் கீழே இறங்கவில்லை. இளைத்த பேட்டரி என்றால் 9, 8 என்று சரிந்திருக்க வேண்டும். பொதுவாக 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிப்போம். அடுத்து மீட்டரின் ஒரு ஊசியைப் பாசிடிவ் ஈய முனையிலும் இன்னொன்றை அதைக் கவ்வியிருந்த கிளாம்ப்பிலும் வைத்தேன். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாத இரண்டு உலோகங்கள், காட்ட வேண்டியது கிட்டத்தட்ட பூஜ்யம். சாவியைத் திருப்பியதும் எண் 4க்கும் 7க்கும் நடுவே ஆடியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பாதி அந்த இணைப்பிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

“ஆனா லைட்டெல்லாம் நல்லா எரியுதே?” என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்வி. அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 9 ஆம்பியர், இழப்பு அரை வோல்ட்கூட இல்லை, கண்ணுக்கும் தெரியாது. சின்ன காரின் செல்ஃபே 100, 150 ஆம்பியர் கேட்கும். 150 ஆம்பியருக்கு அதே தடையில் 7.5 வோல்ட் போய்விடும். லைட் எரிவதை வைத்து டெர்மினலுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

கழற்றும்போது நெகடிவை முதலில் எடுத்தோம். பாசிடிவில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், நெகடிவ் கழன்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. கிளாம்ப்புக்குள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் முனையையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் பளபளவென்று தேய்த்து, பாசிடிவை முதலில் மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். கையால் திருகினால் கிளாம்ப் அசையக்கூடாது, அதுதான் இறுக்கத்துக்கு அளவு. அடுத்த திருப்பலில் இன்ஜின் எடுத்தது. ஸ்டார்ட் ஆகும்போது முனைகளில் 10.6, ஓடும்போது 14.2. ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏற்றுகிறது.

செல்ஃபைக் கழற்றும் முன்

செல்ஃப் மேல் சந்தேகம் வந்தால் பலரும் ஸ்பேனர் பிடியால் அதை லேசாகத் தட்டச் சொல்வார்கள். ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, இன்னொருவர் தட்டும்போது மோட்டார் சுற்றிவிட்டால், சிக்கியிருந்த கார்பன் பிரஷ் அசைந்து தொட்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், நாளைக்கு உறுதியில்லை. பிரஷும் சோலனாய்டும் தனியாக மாற்றக்கூடியவை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பல வண்டிகளுக்கு மோட்டாரையே மாற்றாமல் முடித்துவிடுவார்.

ஆனால் செல்ஃப் போலவே நடிக்கும் ஆசாமி ஒருவர் உண்டு: இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், பல வண்டிகளில் செல்ஃபின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப அந்தப் பட்டைதான் வழி. அது துருப்பிடித்தாலோ அறுந்தாலோ செல்ஃப் ஒரு ‘டொக்’கோடு நின்றுவிடலாம். ஹெட்லைட்டின் எர்த் பாடியிலேயே இருப்பதால் விளக்கு மங்காது, அப்போது அறிகுறிகள் அப்படியே செல்ஃபைக் காட்டும். பூஸ்டர் கேபிளில் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ் ஈய முனையிலும் மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் கடித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் எடுத்துவிட்டால் குற்றம் எர்த் பட்டையிலோ நெகடிவ் டெர்மினலிலோதான்.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். திருப்பும்போது பேட்டரி நெகடிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேலும், பாசிடிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5க்கு மேலும் காட்டக்கூடாது. இரண்டும் சரியாக இருந்து, செல்ஃபின் போல்ட்டில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்று, ‘டொக்’ சத்தமும் கேட்டு, இன்ஜின் இறுகவில்லை என்றும் தெரிந்த பிறகு மோட்டாரைக் கழற்றலாம்.