பெயர் ஒன்று, கம்பெனி இரண்டு: என் வாட்டர் ஹீட்டர் வாரண்டி போன விதம்

பாத்ரூமில் இருந்த வாட்டர் ஹீட்டர் பதினான்காவது மாதத்தில் சூடாவதை நிறுத்திவிட்டது. வாரண்டி இரண்டு வருடம். கார்டைத் தேடப் பொறுமை இல்லாமல், பிராண்ட் பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று போட்டுத் தேடி, கிடைத்த எண்ணுக்கு அழைத்தேன். அது போலி எண் இல்லை. நிஜமான கம்பெனி, நிஜமான கால் சென்டர்.

மறுநாளே, சட்டையில் அதே பெயர் போட்ட டெக்னீஷியன் வந்தார். அடிமூடி ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருந்த சீலைக் கிழித்தார், மூடியைக் கழற்றினார், தெர்மோஸ்டாட்டைத் தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பக்கவாட்டில் இருந்த லேபிளைப் படித்தார்.

“சார், இது எங்க கம்பெனி மெஷினே இல்லையே. இது எங்க முதலாளியோட சித்தப்பா குடும்பத்தோட கம்பெனி.”

வந்து போன கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரியான கம்பெனியைக் கண்டுபிடித்து அழைத்தபோது, “வெளியாள் சீலை உடைத்துவிட்டார், வாரண்டி செல்லாது” என்று கை கழுவினார்கள். அந்த ‘வெளியாள்’ சட்டையில் இருந்ததும் இவர்கள் பெயர்தான் என்று சொன்னேன். எடுபடவில்லை.

குடும்பத் தொழிலில் பாகப்பிரிவினை நடக்கும்போது நிலத்தைப் பிரிக்கலாம், ஆலையைப் பிரிக்கலாம். பெயரை எப்படிப் பிரிப்பது? யாரும் விட்டுத்தர மாட்டார்கள். அதனால் பெயரைப் பொதுவில் வைத்துக்கொண்டு, எந்தச் சரக்குக்கு, எந்த ஊரில் யார் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். ஆல்டி சூப்பர்மார்க்கெட் ஊர்வாரியாகப் பிரிந்தது. ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் சகோதரர்கள் 1960களின் தொடக்கத்தில் பிரிந்து, வடக்கு ஒருவருக்கு, தெற்கு ஒருவருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று பிரிட்டனில் இருப்பது தெற்குப் பிரிவு, பிரான்சில் இருப்பது வடக்குப் பிரிவு. கோத்ரெஜ் பிரிந்தது சரக்குவாரியாக. 2024இல் குடும்பம் பிரிந்தபோது சோப்பு, ஹேர்டை, ரியல் எஸ்டேட் எல்லாம் ஒரு பக்கம் போயின. பூட்டு, பீரோ, ஃபிரிட்ஜ் இன்னொரு பக்கம். பெயரை இரண்டு பக்கமும் வைத்திருக்கின்றன. (என் ஹீட்டர் இவர்களில் யாருடையதும் அல்ல.)

இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கும்வரை நமக்குத் தொல்லை இல்லை. இரண்டு பேரும் ஒரே பொருளைச் செய்யத் தொடங்கும்போதுதான் வினை. ஒருவர் தொழிலில் மற்றவர் இறங்கக் கூடாது என்ற நிபந்தனைக்குப் பெரும்பாலும் ஒரு காலவரம்பு இருக்கும். என் விஷயத்தில், டெக்னீஷியன் சொன்னபடி, மோட்டார் அண்ணன் வீட்டுக்கு, ஹீட்டர் தம்பி வீட்டுக்கு என்று இருந்ததாம். கெடு முடிந்ததும் அண்ணன் வீட்டாரும் ஹீட்டர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பொருளை வைத்து யாருடையது என்று சொல்ல இனி வழியில்லை. லோகோவை நம்பினால் அதுவும் சிக்கல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றில் எழுத்து சற்றுச் சாய்ந்திருப்பது தெரிந்தது. தனியாகப் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

பார்க்க வேண்டியது, பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் முழுப் பதிவுப் பெயரை. அது மின்சார அளவு அச்சிட்ட லேபிளில் இருக்கும், வாரண்டி கார்டின் அடியிலும் இருக்கும். ‘பிரதர்ஸ்’, ‘அண்ட் சன்ஸ்’, ‘இண்டஸ்ட்ரீஸ்’, ‘அப்ளையன்சஸ்’ என்று வால் மாறினால் ஆளே வேறு. அதோடு பதிவு அலுவலக முகவரியையும் பாருங்கள். லேபிளில் ‘தயாரிப்பு’ என்று ஒரு பெயரும் ‘விற்பனை’ என்று இன்னொரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், வேறு ஆலையில் செய்து வாங்கி விற்பது சகஜம். பொதுவாக நமக்குப் பொறுப்பு வாரண்டி கார்டில் பெயர் போட்ட கம்பெனிதான். வெப்சைட்டைச் சரிபார்க்க முகப்புப் பக்கம் போதாது. அடியில் இருக்கும் விதிமுறைகள் பக்கத்தைத் திறந்தால் முழுப் பதிவுப் பெயர் அநேகமாக அங்கே இருக்கும். அது லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

போனில் புகார் பதியும்போது மாடலை மட்டும் சொல்லாதீர்கள். சீரியல் எண்ணைக் கொடுத்து, “உங்கள் சிஸ்டத்தில் இது வருகிறதா?” என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். என்னிடம் அவர்கள் சீரியல் எண்ணைக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. ஆள் வந்த பிறகும், சீலில் கை வைப்பதற்கு முன் லேபிளைக் காட்டிவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இதெல்லாம் கைகொடுக்காது. பிரிவினைக்கு முன் தயாரான பொருளில் பழைய கூட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்த வாரண்டியை யார் ஏற்றார்கள் என்பது அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் ஹீட்டருக்குக் கடைசியில் கைக்காசு போட்டு தெர்மோஸ்டாட் மாற்றினேன். சீலை உடைத்த கம்பெனியிடம் கட்டணத்தையும் வாரண்டி இழப்பையும் கேட்டு, அவர்களுடைய சர்வீஸ் ரசீதையே ஆதாரமாக வைத்துப் புகார் போட்டிருக்கிறேன். ரசீதில் ‘பிராண்ட்: எங்களுடையதல்ல’ என்று அந்த டெக்னீஷியன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், நல்ல மனுஷன்.