மங்கலான வண்டி எண்: ஒரே படமா, பல பிரேம்களா?

கண்காணிப்பு கேமராவில் வண்டி எண்ணின் ஓர் எழுத்து 6 பிக்சல் உயரத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்க இரண்டு வழிகள்.

முதலாவது, ESRGAN போன்ற நியூரல் மாடலில் ஒரே படத்தை 4 மடங்கு பெரிதாக்குவது. ஒரு பிக்சல் இருந்த இடத்தில் 16 வரும். சுருங்கும்போது 8-உம் B-யும் ஏறக்குறைய ஒரே சாம்பல் திட்டாகிவிடும். எது இருந்தது என்ற தகவல் கோப்பிலேயே இல்லை. பயிற்சியில் பார்த்த படங்களில் எது பொருத்தமோ, அதை மாடல் கூர்மையாக வரைந்துவிடும். கூர்மைதான் இங்கே ஆபத்து. பார்ப்பவர் சந்தேகப்படவே மாட்டார்.

முடிவைத் திரும்பச் சுருக்கி மூலத்தோடு ஒப்பிடுவதும் போதாது. 2020-இல் வந்த, மங்கிய முகப்படங்களைக் கூர்மையாக்கும் PULSE என்ற மாடல் அப்படிப் பொருந்தும் முகத்தைத்தான் தேடியது. ஆனாலும் ஒபாமாவின் மங்கிய படத்திலிருந்து ஒரு வெள்ளையர் முகத்தைத் தந்தது. வேறொரு மாடலிலும் ஓட்டிப் பாருங்கள்: எழுத்து மாறினால் அது கற்பனை. மாறாவிட்டாலும் அது நிரூபணமாகாது.

இரண்டாவது, வீடியோவின் பல பிரேம்களை அரை, கால் பிக்சல் துல்லியத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது. வண்டி நகரும்போது ஒவ்வொரு பிரேமும் எழுத்தைச் சற்றே வேறு இடத்தில் அளக்கிறது. கூடுவது உண்மையான அளவீடு. ஆனால் லென்ஸ் மங்கலோ, வீடியோ சுருக்கமோ அழித்த விவரத்தை இதுவும் மீட்காது. பொருத்தம் பிசகினால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதால், சாட்சியம் என்றால் இதையே தேர்ந்தெடுப்பேன்.